நைட்ரேட்டா, நைட்ரைட்டா? மங்கிய படத்தில் ஒரு லேபிளை வாசிப்பது

அசோ சாயம் தயாரிக்கும் சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒரு மாணவி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். லேபில் மேசைமேல் இருந்த அரை கிலோ வெள்ளை பிளாஸ்டிக் குப்பி. "சார், நாளைக்கு இதைத்தான் எடை போடணும். இது நைட்ரேட்டா நைட்ரைட்டா? படத்துல தெரியல."

அவள் சொன்னது சரிதான். டியூப் லைட் வெளிச்சம் குப்பியின் வளைவில் பட்டு, பெயரின் மேலேயே வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. Sodium Nitr வரை தெளிவாக இருக்கிறது, கடைசியில் te தெரிகிறது, நடுவில் ஓர் எழுத்து வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. அந்த இடத்தில் a இருந்தால் சோடியம் நைட்ரேட், i இருந்தால் சோடியம் நைட்ரைட். தமிழில் எழுதினாலும் இதே சிக்கல்தான். இரட்டைக்கொம்புக்கும் இணைக்கொம்புக்கும் உள்ள வித்தியாசம் அவசரக் கையெழுத்தில் எங்கே தெரியப் போகிறது?

பெயரில் ஓர் எழுத்துதான் மாறுகிறது என்றாலும் பொருள் முற்றிலும் வேறு. நைட்ரேட்டை உரமாகவும் பட்டாசு மருந்திலும் பயன்படுத்துகிறார்கள். நைட்ரைட் உடலுக்குள் போனால் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பை ஒரு படி ஆக்சிஜனேற்றிவிடும். அப்படி மாறிய ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும், அளவு கூடினால் உயிர் போகும். 1944இல் நியூயார்க்கில் ஓர் எளிய உணவகத்தில் சாப்பிட்ட 11 ஆண்கள் இப்படி நீலமாகி மருத்துவமனைக்கு வந்தார்கள், அவர்களில் ஒருவர் இறந்தார். உப்பு இருக்க வேண்டிய இடத்தில் சோடியம் நைட்ரைட் இருந்தது. பார்வைக்கு அது உப்பு மாதிரியேதான் இருக்கும், சிலசமயம் லேசான மஞ்சள் சாயல் தெரியும், அவ்வளவுதான். போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றிக் காட்டுவதால், படத்தில் தெரியும் அந்த மஞ்சளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அவள் படத்தை நான் எப்படி வாசித்தேன் என்று படிப்படியாகச் சொல்கிறேன். வேதிப்பொருள் லேபிள் ஒரே செய்தியை ஐந்தாறு விதமாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: பெயர், வாய்பாடு, மூலக்கூறு எடை, பதிவு எண், படக்குறி, எச்சரிக்கைக் குறியீடு. படத்தில் ஒன்று அழிந்திருந்தால் மற்றவற்றை வைத்து அதை மீட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெயரிலிருந்து ஆரம்பிப்போம். ஒரே தனிமம் ஆக்சிஜனோடு சேர்ந்து இரண்டு எதிர்மின் அயனிகளைத் தரும்போது, ஆக்சிஜன் கூடுதலாக உள்ளதற்கு 'ஏட்' என்றும் குறைவாக உள்ளதற்கு 'ஐட்' என்றும் முடிவு வரும். சல்பேட்–சல்பைட், குளோரேட்–குளோரைட் எல்லாம் அப்படித்தான். எனவே நைட்ரேட்டில் மூன்று ஆக்சிஜன், நைட்ரைட்டில் இரண்டு. ஆக்சிஜனே இல்லாத நைட்ரைடு என்று இன்னொன்றும் உண்டு, அதன் ஆங்கில எழுத்தில் t இருக்கும் இடத்தில் d வரும். நம் படத்தில் te தெளிவாகத் தெரிந்ததால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

பெயர் தெரியாதபோது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி, லேபிளில் வேறெங்காவது அந்தச் சொல் வருகிறதா என்று தேடுவார்கள். கீழே பொடி எழுத்தில் Nitrite என்று தெளிவாக அகப்படும். "கிடைச்சிடுச்சு, நைட்ரைட்!" என்று முடிவு செய்துவிடுவார்கள். அந்த வரி மாசுகளின் பட்டியலாக இருக்கலாம். தூய சோடியம் நைட்ரேட் குப்பியில், 'இதில் இந்த அளவுக்கு மேல் நைட்ரைட் இருக்காது' என்று உச்சவரம்பு அச்சிடுவது வழக்கம். குளோரைடு, சல்பேட், இரும்பு ஆகியவற்றோடு சேர்ந்து, பக்கத்தில் மிகச்சிறிய சதவீதத்துடன் வந்தால் அது மாசு. குப்பியில் இருக்கக் கூடாத பொருளின் பெயரையே குப்பியின் பெயராக எடுத்துக்கொண்டால் முடிவு தலைகீழாகிவிடும்.

அடுத்தது வாய்பாடு. NaNO என்பது வரை தெரிகிறது, கீழ்க்குறி எண் புள்ளி மாதிரி ஆகிவிட்டது. போன் படங்களில் முதலில் அழிவது இந்தக் கீழ்க்குறிதான், அதுவும் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே மூலக்கூறு எடை முழு அளவு எழுத்தில் இருக்கும். இந்தப் படத்தில் 69.00 என்று படிக்க முடிந்தது. கூட்டிப் பாருங்கள்: சோடியம் 22.99, நைட்ரஜன் 14.01, இரண்டு ஆக்சிஜன் 32.00, மொத்தம் 69.00. மூன்று ஆக்சிஜன் இருந்தால் இன்னொரு 16 கூடி லேபிளில் 84.99 என்று அச்சாகியிருக்கும். 69க்கும் 85க்கும் பொதுவான இலக்கம்கூட இல்லை, எவ்வளவு மங்கிய படத்திலும் ஒன்று மற்றொன்றாகத் தெரியாது. பெயர் ஓர் எழுத்தில் மறைத்ததை எடை நான்கு இலக்கத்தில் காட்டுகிறது. என் அனுபவத்தில், பெயர் சந்தேகமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது எடைதான். பெரும்பாலும் லேபிள்களில் இது M.W. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும். நீரேற்ற உப்புகளில் மட்டும் படிக நீரையும் சேர்த்த எடை என்பதை நினைவில் வையுங்கள்.

சோதனைக்கு இவ்வளவு போதும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளையும் தேடிப் படிக்க வேண்டும். பெயரைத் தட்டித் தேடினால் மறுபடி அதே எழுத்துக் குழப்பம் வரும், எண்ணை வைத்துத் தேடினால் வராது. CAS என்று அச்சாகி அதன்பின் கோடு போட்டுப் பிரித்த மூன்று துண்டு எண் வருமே, அது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக வழங்கப்பட்ட பதிவு எண். சோடியம் நைட்ரைட்டுக்கு 7632-00-0. சோடியம் நைட்ரேட்டுக்கு 7631-99-4.

இந்த எண்ணின் கடைசி இலக்கம் வெறும் அலங்காரம் அல்ல, மற்ற இலக்கங்களைச் சரிபார்க்க வைத்தது. கணக்கு எளிது. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக ஒவ்வோர் இலக்கத்தையும் 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும். வரும் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம், பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். 7632-00-0ஐ எடுத்துக்கொண்டால்:

```
0×1 + 0×2 + 2×3 + 3×4 + 6×5 + 7×6
= 0 + 0 + 6 + 12 + 30 + 42 = 90
```

90 பூஜ்யத்தில் முடிகிறது, பதிவு எண்ணும் பூஜ்யத்தில் முடிகிறது. சரி. நைட்ரேட்டின் எண்ணுக்கு இதே கணக்கைப் போட்டால் 114 வரும், கடைசி இலக்கம் 4, அதுவும் பொருந்துகிறது.

இதை ஒரு தடவை கற்றுக்கொண்டதும் எல்லாவற்றுக்கும் இதையே நம்பத் தோன்றும். ஆனால் படம் பார்த்து வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று இதில் இருக்கிறது. மங்கிய படத்தில் அதிகம் குழம்புவது 3ம் 8ம்தான். நம் எண்ணில் 3ஐ 8 என்று தவறாகப் படித்து 7682-00-0 என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். 12க்குப் பதில் 32 வரும், கூட்டுத்தொகை 110. அதுவும் பூஜ்யத்தில்தான் முடிகிறது! 3க்கும் 8க்கும் வித்தியாசம் 5, அதை இரட்டைப்படை எண்ணால் பெருக்கினால் எப்போதும் பத்தின் மடங்குதான் வரும், ஆகவே சரிபார்ப்பில் அகப்படாது. ஐந்தால் பெருக்கும் இடத்தில் 6ஐ 8 என்று படித்தாலும் அதே கதை, 7832-00-0 எண்ணும் தேறிவிடும். எனவே இந்தக் கணக்கு தவறினால் எங்கோ தப்பாகப் படித்திருக்கிறோம் என்பது நிச்சயம். தேறினால் சரியாகப் படித்தோம் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. தேறிய எண்ணைத் தேடிப் பார்த்து, வரும் பெயரும் எடையும் குப்பியோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தால்தான் முழுமை.

இப்போது படக்குறிகளுக்கு வருவோம். வெள்ளைப் பின்னணி, சிவப்பு விளிம்பு, ஒரு முனையில் நிற்கும் சதுரம், உள்ளே கருப்புப் படம். இது ஜிஎச்எஸ் என்று சொல்லப்படும் ஐக்கிய நாடுகளின் உலகளாவிய முறை, அதன் முதல் பதிப்பு 2003இல் வந்தது. மாணவியின் படத்தில் எழுத்துகளைவிட இந்தக் குறிகள்தான் தெளிவாக இருந்தன. மூன்று குறிகள்: வட்டத்தின் மேல் எரியும் தீ, மண்டையோடும் குறுக்கெலும்பும், பட்ட மரமும் செத்த மீனும்.

முதலாவதை வெறும் தீப்பிழம்புக் குறியோடு குழப்பக் கூடாது. தீ மட்டும் இருந்தால் பொருள் தானே எரியும். தீக்குக் கீழே வட்டம் இருந்தால் அது ஆக்சிஜனேற்றி: தான் எரியாவிட்டாலும் பக்கத்தில் இருக்கும் காகிதம், மரத்தூள், ஆல்கஹால் போன்றவை எரிவதை மூர்க்கமாக்கும். சின்னப் படத்தில் அந்த வட்டம் தீயின் அடிப்பாகம் போல ஒட்டிப் போய்விடும். குறியின் கீழே ஒரு கோடு தரை மாதிரி தெரிகிறதா, கோடு ஒரு வளையத்துக்கு அடியில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நைட்ரேட், நைட்ரைட் இரண்டுமே ஆக்சிஜனேற்றிகள் என்பதால் இந்தக் குறி நம் கேள்வியைத் தீர்க்காது.

தீர்ப்பது மண்டையோடுதான். வாய்வழி நச்சுத்தன்மையில் முதல் மூன்று வகைகளுக்கு மட்டுமே அது வரும். மூன்றாம் வகை என்றால், சோதனை எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் 300 மில்லிகிராமுக்குள். நைட்ரைட் அந்த வரம்புக்குள் விழுகிறது. நைட்ரேட் விழுவதில்லை, அதன் குப்பியில் கண் எரிச்சலுக்கான ஆச்சரியக்குறிதான் வழக்கமாக இருக்கும். மரமும் மீனும் நைட்ரைட்டில் ஏன் இருக்கின்றன என்றால், அது நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய நச்சு. சோதனை முடிந்ததும் மிச்சக் கரைசலை சிங்கில் கொட்டக் கூடாது என்பதை அந்தக் குறி சொல்கிறது.

இங்கேதான் அவள் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். "ஆச்சரியக்குறி இல்லையே சார், அப்போ கண்ணுல பட்டா பிரச்சினை இல்லையா?" பலரும் இப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்கள், இது ஆபத்தான எண்ணம். ஜிஎச்எஸ் விதிப்படி மண்டையோடு வரும் லேபிளில் ஆச்சரியக்குறி வராது. பெரிய எச்சரிக்கை சின்ன எச்சரிக்கையை விழுங்கிவிடும். அரிக்கும் பொருளின் குறி வந்தாலும் அப்படித்தான், தோல், கண் எரிச்சலுக்கான ஆச்சரியக்குறி தனியாக வராது. குறி போனாலும் ஆபத்து போவதில்லை. அது லேபிளில் வேறோர் இடத்தில், H எழுத்தில் ஆரம்பிக்கும் குறியீட்டு வரிகளில் இருக்கும். நைட்ரைட் குப்பியில் H272, H301, H400 ஆகியவற்றோடு H319 என்பதையும் நிறுவனங்கள் அச்சிடுகின்றன. H319 என்றால் கண்ணுக்குக் கடும் எரிச்சல் தரும் என்று பொருள். அதனால் படக்குறிகளை மட்டும் பார்த்துவிட்டு லேபிளை மூடக் கூடாது. இருக்கும் குறியை நம்பலாம், இல்லாத குறியை வைத்து எதையும் ஊகிக்கக் கூடாது.

இந்த H வரிதான் லேபிளிலேயே பொடியான எழுத்து, படத்தில் பெரும்பாலும் புழு நெளிந்த மாதிரிதான் தெரியும். ஆனால் அதன் அமைப்பு நமக்கு உதவும். H க்கு அடுத்த இலக்கம் 2, 3, 4 மட்டுமே: 2 என்றால் தீ, வெடிப்பு போன்ற இயற்பியல் ஆபத்து, 3 என்றால் உடல்நலம், 4 என்றால் சுற்றுச்சூழல். ஆக H801 என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அது H301தான். கடைசி இலக்கம்தான் சிக்கல். H301 என்றால் விழுங்கினால் நச்சு, H302 என்றால் விழுங்கினால் தீங்கு, அதாவது ஒரு படி குறைவு. அந்த இலக்கம் தெரியாவிட்டால் படக்குறிக்குத் திரும்புங்கள். H302க்கு மண்டையோடு வராது, ஆச்சரியக்குறிதான் வரும். நம் படத்தில் மண்டையோடு இருக்கிறது, அது விழுங்கும் ஆபத்துக்காக வந்தது என்றால் H302க்கு இடமில்லை. இப்படி ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கிறது.

படக்குறிகளுக்குப் பக்கத்தில் Danger அல்லது Warning என்று ஒரு சொல் இருக்கும், இரண்டில் கடுமையான முதல் சொல் வந்தால் இரண்டாவது வராது. நைட்ரைட்டில் Danger இருக்கும். ஆனால் அந்தச் சொல்லை வைத்து நைட்ரைட் என்று முடிவு கட்டாதீர்கள், எந்த ஆபத்தால் அது வந்தது என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

பழைய லேப்களில் ஆரஞ்சு நிறச் சதுரத்தில் கருப்புப் படம் போட்ட குப்பிகளும் அலமாரியில் இருக்கும். அது ஐரோப்பாவின் முந்தைய முறை. அதில் பெருக்கல் குறி போல ஒரு பெரிய X வரும், அது தடை அல்லது 'தவறு' என்ற குறி இல்லை, தீங்கு அல்லது எரிச்சல் தரும் பொருள் என்று அர்த்தம். அப்புறம், நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நான்காகப் பிரித்த அமெரிக்கச் சதுரமும் சில குப்பிகளில் உண்டு. அதில் எண் கூடக் கூட ஆபத்து கூடும், 4 தான் உச்சம். ஜிஎச்எஸ் வகை எண்களில் நேர்மாறாக 1 தான் மிகக் கடுமை. இரண்டையும் ஒரே அளவுகோலாக எண்ணிவிடக் கூடாது.

மாணவிக்கு விடை கிடைத்துவிட்டது. எடை 69.00, பதிவு எண் 7632-00-0, மண்டையோடு, மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: நைட்ரைட். இருந்தாலும் வேறொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், இந்த வாசிப்பில் ஒரு பகுதி ஊகம்தான். ஃபிளாஷ் வேண்டாம். குப்பியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, போனைக் கொஞ்சம் சாய்த்தால் வெள்ளைக் கோடு பெயரைவிட்டு விலகும். குப்பி உருளை என்பதால் ஒரே படத்தில் முழு லேபிளும் வராது, ஓரத்து எழுத்துகள் நெருக்கிக்கொள்ளும். குப்பியைச் சற்றே திருப்பித் திருப்பி மூன்று படம் எடுத்தால் ஒவ்வொரு பகுதியும் ஏதாவது ஒரு படத்தில் நேராக விழும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்காது. இரண்டாவது படத்தில் அந்த i தலையில் புள்ளியோடு தெளிவாக நின்றது.

ஆனால் எவ்வளவு நல்ல படமும் லேபிளைத்தான் காட்டும், உள்ளே இருப்பதைக் காட்டாது. காலியான குப்பியில் வேறு பொருளைக் கொட்டி வைக்கும் பழக்கம் நம் லேப்களில் உண்டு. அதனால் மறுநாள் எடை போடும் முன் செய்து பார்க்கச் சொன்ன சோதனை இது: ஒரு சிட்டிகை உப்பை சோதனைக் குழாயில் போட்டு, புகைப்போக்கிக் கூண்டுக்குள் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விடுவது. நைட்ரைட் என்றால் சூடுபடுத்தாமலே பழுப்புப் புகை கிளம்பும். நைட்ரேட் சும்மா கரையும். அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல், அதனால்தான் கூண்டு.

இதைச் செய்யாமல் நைட்ரேட்டை எடுத்து அசோ சாயச் சோதனையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை ஒரு குழு அதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். அனிலினை அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டிக் குளியலில் 5 டிகிரிக்குக் கீழே வைத்து, நைட்ரைட் கரைசலைத் துளித் துளியாகச் சேர்க்க வேண்டும். போதுமான அளவு சேர்ந்ததும், ஸ்டார்ச்–அயோடைடு தாளில் ஒரு சொட்டு வைத்தால் நீலமாகும். அவர்களுக்குத் தாள் வெள்ளையாகவே இருந்தது. பனிக்கட்டி போதவில்லையோ, தாள் பழசோ என்று எண்ணி மேலும் மேலும் கரைசலை ஊற்றினார்கள். கடைசியில் பீட்டா நாப்தால் சேர்த்தபோதும் ஆரஞ்சுச் சிவப்பு வரவில்லை, கலங்கிய நீர்தான் இருந்தது. தாளை மாற்றிப் பார்த்தார்கள், பனிக்கட்டியை மாற்றிப் பார்த்தார்கள், அமிலத்தைக்கூட மாற்றினார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் ஒருத்தி போய்க் குப்பியைத் திருப்பி, எடை எழுதிய வரியைப் படித்தாள்: 84.99.